ஏழாவது கையெழுத்து

கிட்வாய் நகரில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை வெங்கடேஸ்வரனிடம் கேட்டால் சற்று யோசிப்பார். அதே மனிதரிடம் தில்லியில் பதிவான ஏதாவது ஒரு கம்பெனியைச் சொல்லிப் பாருங்கள். அதை ஆரம்பித்தவர் யார், அண்ணன் தம்பி எந்த வருஷம் பிரிந்தார்கள், மாப்பிள்ளையை எப்போது டைரக்டர் ஆக்கினார்கள் என்று மடமடவென்று ஒப்பிப்பார். கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தில் பதினான்கு வருஷ உத்தியோகம் அவரை அப்படி ஆக்கியிருந்தது. மற்றவர்கள் வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்குக் காத்திருப்பார்கள். இவர் பிராஸ்பெக்டஸுக்குக் காத்திருப்பார்.

பொதுமக்களிடம் முதன்முறையாகப் பங்கு விற்க வரும் கம்பெனி, தன் ஜாதகத்தை அச்சடித்துக் கொடுப்பதுதான் பிராஸ்பெக்டஸ். எப்போது பிறந்தது, பெற்றவர்கள் யார், இப்போது யார் கையில் இருக்கிறது, ஐந்து வருஷமாக லாபமா நஷ்டமா, யாரோடு என்ன ஒப்பந்தம், எல்லாம் அதில் இருக்க வேண்டும். டைரக்டர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதி பதிவாளரிடம் பதிவான பிறகுதான் அதை வெளியே விடலாம். அதற்கு முன்பே கம்பெனிக்காரர்கள் வரைவைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டுப் போவார்கள். அப்படிப் பார்ப்பதில் வெங்கடேஸ்வரனுக்கு நிகர் அந்த அலுவலகத்தில் இல்லை. வரைவை ஒரு கையிலும் கம்பெனியின் பழைய கோப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை, நார்த்லைன் ஸ்டெபிலைசர்ஸ் லிமிடெட்டின் வரைவு வந்தது. கொண்டுவந்தவர் அதன் கம்பெனி செக்ரட்டரி சேத்தி. சிரித்த முகம், சந்தன நிறக் கோட்டு, நல்ல மனிதர்.

"வெங்கடேஸ்வரன்ஜி, நார்த் பிளாக்கில், நிதி அமைச்சகத்தில், மூலதன அனுமதி கிடைத்தாகிவிட்டது. ஸ்டாக் எக்ஸ்சேஞ்சிலும் பேசியாகிவிட்டது. உங்கள் கையில்தான் இருக்கிறது. ஜரா ஜல்தி" என்றார் சேத்தி இந்தியில்.

தில்லி முழுக்க அந்தப் பங்குக்காகப் பறந்துகொண்டிருந்த நேரம் அது. முந்தின வருஷம் ஆசிய விளையாட்டுப் போட்டி வந்ததும் வீட்டுக்கு வீடு கலர் டிவி வாங்கினார்கள். தில்லி மின்சாரமோ நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும். ஆகவே டிவிக்கு அடியில் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி வைக்காத வீடு இல்லை. அந்தப் பெட்டி செய்கிற கம்பெனி பங்கு விற்கிறது என்றால் விடுவார்களா? கிட்வாய் நகரில் விண்ணப்பப் படிவத்துக்கு இப்போதே முன்பதிவு நடந்தது. வெங்கடேஸ்வரனின் மனைவி விசாலாக்ஷியும் தன் தம்பி பெயரில் போடலாமா என்று கேட்டு, "வாயைத் திறக்காதே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் வெங்கடேஸ்வரன் யாரோடும் வம்பு வைத்துக்கொள்ள விரும்பவில்லை. வியாழக்கிழமை பதவி உயர்வுக் குழு கூடுகிறது. ஏழு வருஷமாகத் தள்ளித் தள்ளிப் போன உயர்வு. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. விசாலாக்ஷி மனதுக்குள் பெரிய குவார்ட்டருக்குக் குடிபோய், எந்த அறையில் பீரோ என்பது வரை முடிவு செய்துவிட்டாள். மூன்று நாள் ஒழுங்காகப் போனால் போதும்.

வரைவைப் பிரித்தார். வரலாறு என்ற தலைப்பில் நான்கே வரி. கம்பெனி 1965-இல் பதிவானது. கம்பெனியை நிறுவிய புரமோட்டர்கள் பசின் சகோதரர்கள். இத்துறையில் பதினெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். கம்பெனியின் இன்றைய பெயர் 1979-இல் சூட்டப்பட்டது. அவ்வளவுதான்.

'பெயர் மாற்றம்' என்று கண்டதும் வெங்கடேஸ்வரனின் மூக்கு துடித்தது. பெயரை மாற்றலாம், பதிவு எண்ணை மாற்ற முடியாது. எந்த வேஷம் போட்டு வந்தாலும் எண்ணைப் பிடித்தால் பழைய கோப்பு கிடைத்துவிடும். எண்ணைக் குறித்துக்கொண்டு தாமே ஆவண அறைக்குப் போனார். ஏணியில் ஏறி, தூசி தட்டி, சிவப்பு நாடாவை அவிழ்த்தார். அட்டையில் பழைய பெயர் இருந்தது. ஜோதி எலக்ட்ரிக் கண்ட்ரோல்ஸ் லிமிடெட்.

ஏணியிலிருந்து அவர் எப்படி இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

ஜோதி என்றால் ஜோதிலிங்கம். கரோல் பாக்கில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்திருந்த நாளில், வெங்கடேஸ்வரனுக்கு அடுத்த பாயில் படுத்தவர். மதுரைக்காரர். பகலில் ஒரு ரேடியோக் கடையில் வேலை, மற்ற நேரமெல்லாம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். மின்சாரம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவில் கொடுக்கும் பெட்டியை அந்த அறையில்தான் செய்தார். இரண்டு தடவை வீட்டுக்காரரின் ஃபியூஸ் போனது. மூன்றாவது தடவை பெட்டி வேலை செய்தது.

கம்பெனி ஆரம்பித்தபோது, பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு பேர் கையெழுத்து போதும், அப்படிச் செய்யுங்கள் என்று ஆடிட்டர் சொன்னார். ஜோதிலிங்கம் கேட்கவில்லை.

"ஒரு நாள் ஊரே வந்து பங்கு வாங்கப் போவுது. அப்ப மாத்திக்கிட்டு நிக்கிறதுக்கு இப்பவே பப்ளிக்கா வச்சுருவோம்" என்றார்.

பப்ளிக் லிமிடெட் என்றால் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அந்தக் காலத்தில் ஏழு சேர்ப்பது கல்யாணப் பந்திக்கு ஆள் சேர்ப்பது மாதிரிதான். மச்சான், மெஸ்காரர், கடைக் கணக்கப்பிள்ளை என்று ஆறு பேர் ஆனார்கள். ஏழாவதாக வருவதாகச் சொன்னவர் வரவில்லை. குளித்துவிட்டுத் துண்டோடு வந்த வெங்கடேஸ்வரனைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"சும்மா பேருக்குத்தான்ப்பா. பத்துப் பங்கு. நானே கட்டிடுறேன்" என்றார் ஜோதிலிங்கம்.

வெங்கடேஸ்வரனும் கையெழுத்துப் போட்டார். தலை ஈரம் காகிதத்தில் சொட்டக்கூடாதே என்பதுதான் அப்போது அவருடைய கவலை.

பதினெட்டு வருஷம் கழித்து, ஆவண அறையின் ஜன்னலோரம் நின்று, கம்பெனியின் நிறுவனப் பத்திரமான மெமோராண்டத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஏழு பெயர்கள், அவரவர் கையெழுத்தில். முதலில் ஜோதிலிங்கம். கடைசியில் அவரே. தந்தை பெயர், கரோல் பாக் விலாசம், தொழில் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'மத்திய அரசு ஊழியர்'. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முன் அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் எவரும் கம்பெனியைப் பதிவு செய்வதிலோ நிறுவுவதிலோ பங்கெடுக்கக் கூடாது என்று நடத்தை விதி சொல்கிறது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஆள், பின்னாளில் அதே அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, ஊரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் விதி சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது.

மேலே புரட்டினார். இப்போது கை தானாக ஓடியது. ஒவ்வொரு வருஷமும் கம்பெனி கொடுத்த உறுப்பினர் பட்டியல் அடுக்காக இருந்தது. 1977 வரை ஜோதிலிங்கத்தின் பெயர்தான் மேலே. 1978 பட்டியலில் அவர் இல்லை. அந்த வருஷம் நெஞ்சு வலியில் போனார், நிகம்போத் காட் மயானத்துக்கு வெங்கடேஸ்வரனும் போயிருந்தார். ஜோதிலிங்கத்தின் பங்குகள் மனைவி தாயம்மாள் பெயருக்கு வந்து, அதே வருஷம் பசின் குடும்பத்துக்குக் கைமாறியிருந்தன. மற்ற ஐந்து பேரும் விற்றுவிட்டார்கள். கம்பெனி அப்போதே மூடிவிட்டது என்றுதான் அவர் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். மூடவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.

ஆக, பசின் சகோதரர்கள் கம்பெனியை ஆரம்பிக்கவே இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் விலைக்கு வாங்கினார்கள். பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் பதின்மூன்று ஜோதிலிங்கத்தினுடையது. ஒரு கம்பெனியை யார் நடத்துகிறார்கள், எத்தனை நாளாக நடத்துகிறார்கள் என்று பார்த்துத்தானே ஜனங்கள் பணம் போடுகிறார்கள்? இந்த நான்கு வரி அப்படியே அச்சேறினால் அது பொய்.

கடைசியாக, இந்த வருஷத்துப் பட்டியல். அண்ணன், தம்பி, இருவர் மனைவிமார், தாயார், ஒரு மகன். எண்ணினால் ஆறு பேர். ஏழுக்குக் குறைந்தால் பப்ளிக் கம்பெனிக்கு ஆபத்து. அந்த ஏழாவது வரியில், 'திரு. வெங்கடேஸ்வரன், கரோல் பாக், பத்துப் பங்கு' என்று டைப் அடித்திருந்தது. எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும் என்று இவரை விட்டு வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று கூட யாரும் விசாரிக்கவில்லை. இவருக்குத் தெரியாமல் இவர் இத்தனை வருஷமாக நார்த்லைனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியாத ஒரு பரபரப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு கோப்பு அவர் சர்வீஸில் கிடைத்ததில்லை. கிடைத்த கோப்பில் அவரே இருக்கிறார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் இல்லாமல் போனால் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. உடனே கோப்பைப் படக்கென்று மூடி, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஆவண அறையில் ஒரு பூனைதான் இருந்தது.

வீட்டுக்குப் போய் விசாலாக்ஷியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"வேற யாருக்காவது தெரியுமோ?"

"எனக்குத் தெரியுமே."

"அதைக் கேக்கலை. வியாழக்கிழமை வரைக்கும் அந்தக் கோப்பை உங்க மேஜையிலேயே வெச்சுக்கப்படாதா? வெள்ளிக்கிழமை சொல்லுங்கோ. யாரு கேக்கப் போறா?"

நல்ல யோசனைதான். அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் வரைவோடு சேத்தி நாளைக் காலை வந்து நிற்பார். புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. சரி என்று குறிப்பு எழுதினால் பொய்க்குக் கையெழுத்து. சரியில்லை என்று எழுதினால், எப்படித் தெரியும் என்று கோப்பைத் திறப்பார்கள், திறந்தால் கடைசிப் பக்கம். அதையும் சொன்னார்.

"ஒருதரம் படிக்காம கையெழுத்துப் போட்டாச்சு விசாலம். இப்பப் படிச்சுட்டுப் போடறது எப்படி?"

அவள் அரிசியை இன்னும் இரண்டு தண்ணீர் அதிகமாகக் களைந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே உதவிப் பதிவாளர் வேதாந்தத்தின் அறைக்குள் போனார். வேதாந்தம் சிடுசிடுப்புக்குப் பேர்போனவர். கமா தப்பாக இருந்தால் கூடத் திருப்பி அனுப்புவார். அவர் முன்னால் வரைவையும் கோப்பையும் விரித்து வைத்து, முதலில் பசின்களின் நான்கு வரியைக் காட்டினார். பிறகு மெமோராண்டம். பிறகு 1978 பட்டியல். வேதாந்தத்தின் கண் ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"பேஷ். நன்னாப் பிடிச்சிருக்கேள்" என்றவர், விரலை ஏழாவது பெயருக்குக் கொண்டுவந்ததும் நிறுத்தினார். "இது யாரு?"

"நான்தான் சார்."

வேதாந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாளன்னிக்குக் கமிட்டின்னு தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்."

"இதை நான் பார்த்தப்புறம் பார்க்கலைன்னு இருக்க முடியாது. பதிவாளருக்கு எழுதியாகணும்."

"எழுதித்தான் கொண்டு வந்திருக்கேன் சார்" என்று வெங்கடேஸ்வரன் ஒரு காகிதத்தை நீட்டினார். தாம் கையெழுத்திட்டது எந்தத் தேதி, அனுமதி வாங்காதது, பத்துப் பங்கு தம் பெயரில் இருப்பது, ஆகவே இந்த வரைவைத் தாம் பார்ப்பது முறையல்ல, எல்லாம் அதில் இருந்தன. வேதாந்தம் அதை இரண்டு முறை படித்தார். தேடியும் ஒரு கமா தப்பாகக் கிடைக்கவில்லை.

சேத்தி வந்ததும் வேதாந்தமே பேசினார். சத்தம் கதவு தாண்டி வந்தது. சேத்தி முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார், பிறகு தண்ணீர் கேட்டார். டைரக்டர்கள் கையெழுத்திடும் பிராஸ்பெக்டஸில் பொய் இருந்தால் ஜெயில் வரை போகலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பசின்கள் சொன்னதை எழுதினேன், பழைய கோப்பைப் பார்க்கவில்லை என்றார் பாவம். வெளியே வந்தவர் வெங்கடேஸ்வரனின் மேஜைக்கு வந்து, எழுந்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த வெங்கடேஸ்வரன் நீங்கள்தானா? ஒவ்வொரு வருஷமும் பொதுக்குழு நோட்டீஸ் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். கரோல் பாக்கில் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள்."

"பத்திரமாக வைத்திருப்பார்கள்" என்றார் இவர். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகிற போக்கில் சேத்தி, அந்தப் பத்துப் பங்கைப் பசின்ஜி நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார் என்று காதோடு சொன்னார். வெங்கடேஸ்வரன் பிடிகொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை குழு கூடியது. வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டினார்கள். முதல் பெயர் ராமமூர்த்தி. இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர், இவருக்கு ஆறு வருஷம் இளையவர். வெங்கடேஸ்வரனின் பெயர் எங்கும் இல்லை. அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கை, பங்குகளை உடனே கைமாற்றிவிட்டுத் தகவல் தரும்படி உத்தரவு. வேலைக்கு ஆபத்தில்லை. ராமமூர்த்தி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். இவரே போய்க் கை கொடுத்தார்.

அன்று மாலையே திருத்திய வரைவு வந்தது. அதை வேதாந்தம்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, விதியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்தவராக, அந்தப் பக்கத்தை வெங்கடேஸ்வரனின் பக்கம் திருப்பி வைத்தார். நான்கு வரி இப்போது பன்னிரண்டு வரியாகியிருந்தது. சனிக்கிழமையே டைரக்டர்கள் கையெழுத்தோடு அது பதிவாகி, பேப்பர்களுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பங்குப் பத்திரத்தைத் தேடினார். தகர டிரங்குப் பெட்டியில், இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு அடியில், ஜோதிலிங்கம் கையெழுத்திட்டு 1965-இல் கொடுத்தது அப்படியே கிடந்தது. பங்கு மாற்றுப் படிவத்தில் தேதி முத்திரை குத்துவது அவருடைய அலுவலகக் கவுன்ட்டர்தான். அதை வெள்ளிக்கிழமையே குத்தி வாங்கியிருந்தார். இரண்டையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு, கூடவே அன்றைய ஆங்கிலப் பேப்பரை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ஜங்புராவுக்குப் போனார்.

தாயம்மாள் அங்கே ஒரு மாடி அறையில் இருந்தாள். இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குக் கொடுக்கிறாள். புருஷன் போன பிறகு பாங்குக் கடனும் கடைக்காரர் பாக்கியும் கழுத்தைப் பிடிக்க, வந்த விலைக்குப் பங்கை விற்றவள். அதில் யாரும் அவளை ஏமாற்றவில்லை. விற்ற பிறகு அந்தக் கம்பெனியின் பக்கமே அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்கண்ணே. என்ன இந்தப் பக்கம்?" என்று மாவுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

அவர் கவரைக் கொடுத்தார். பத்துப் பங்கு, வாங்கிக்கொள் என்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் உடனே மறுத்தாள்.

"பசின் நெறய தாரேன்னிருக்காரு. உங்களுக்கு எதுக்கு நட்டம்? எனக்குச் சும்மா ஒண்ணும் வேணாம்ண்ணே."

"சும்மா இல்லம்மா. மொத்தமே நூறு ரூபாய் முகமதிப்பு. அதுவும் அவர் போட்ட பணம்தான். நீ எனக்கு ஒரு மாசத்துக்கு மாவு கொடு, சரியாப் போச்சு."

அவள் கொஞ்ச நேரம் பத்திரத்தையே பார்த்தாள். கீழே இருந்த கையெழுத்தைத் தடவினாள். பேனா கேட்டாள். வாங்குபவர் என்ற இடத்தில் 'தாயம்மாள்' என்று தமிழில் எழுதினாள். பசின்களின் உறுப்பினர் பட்டியலில், ஆறு பசின்களுக்கு அடுத்த வரியில் இனி அந்தப் பெயர் ஏறும் என்று நினைத்தபோது வெங்கடேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிறகு பேப்பரைப் பிரித்தார். பிராஸ்பெக்டஸ் ஒரு முழுப் பக்கத்துக்கு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் வந்திருந்தது. அவருக்கு இடம் தெரியும். விரலை வைத்து, தமிழாக்கிப் படித்தார்.

"இந்தக் கம்பெனி 1965-இல் ஜோதி எலக்ட்ரிக் கண்ட்ரோல்ஸ் லிமிடெட் என்ற பெயரில் திரு. அ. ஜோதிலிங்கத்தால் நிறுவப்பட்டது. கம்பெனி தயாரிக்கும் தானியங்கி ஸ்டெபிலைசரை முதலில் வடிவமைத்தவர் அவரே. அவர் காலமான பின், 1978-இல், தற்போதைய புரமோட்டர்கள் பங்குகளை வாங்கி நிர்வாகத்தை ஏற்றனர்."

"இன்னொருக்கா படிங்க."

படித்தார். மூன்றாவது தடவையும் கேட்டாள், அதையும் படித்தார். அவள் அழவில்லை. முகம் மட்டும் சிவந்து சிவந்து வந்தது.

"இது எத்தனை பேருக்குப் போகும்ண்ணே?"

"பேப்பர் வாங்கறவா எல்லாருக்கும். விண்ணப்பப் படிவத்தோட புஸ்தகமாவும் போகும். ஊர் ஊராப் போகும். மதுரைக்கும் போகும்."

அவள் எழுந்து போய் அவருக்குக் காப்பி போட்டாள். ஸ்டவ்வைப் பம்ப் அடித்துக்கொண்டே, முதுகைத் திருப்பியபடி கேட்டாள்.

"விசாலாக்ஷி அம்மா சொன்னாங்க. உங்களுக்கு பிரமோசன் வருதாம், பெரிய வீடு பாக்கப் போறாங்களாம். வந்துருச்சா?"

வெங்கடேஸ்வரன் பேப்பரை மடித்தார். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். ஏன் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். மேஜையில் கிடந்த மாற்றுப் படிவத்தைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்டவ்வை அணைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பேரு வரணும்னுதானா?" என்றாள் மெதுவாக.

"அவர் பேரு அங்க ஏற்கெனவே இருந்தது தாயம்மா. நான் படிச்சேன், அவ்வளவுதான்."

அவள் அதற்கப்புறம்தான் அழுதாள்.